3.4 கோடி ரூபாயை டாலரில் எழுதும் முன்

கேள்வி: தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். நெசவு ஆலைகளில் மின்சாரச் செலவைக் கண்காணிக்கும் கருவியும் அதற்கான செயலியும் விற்கும் ஒரு கம்பெனி, 14 ஸ்லைடு கொண்ட தமிழ் பிட்ச் டெக்கைக் கொடுத்திருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுப்ப ஆங்கிலத்தில் வேண்டுமாம். ரூ.3.4 கோடி டர்ன்ஓவர், 300% வளர்ச்சி, 120 ஆலைகள், 30% வரை மின்சேமிப்பு, ரூ.2,000 கோடி சந்தை, அரசு அங்கீகாரம் என்று போகிறது டெக். "அப்படியே டாலர்ல மாத்தி, அவங்களுக்குப் பிடிக்கிற மாதிரி எழுதிடுங்க" என்கிறார் நிறுவனர். எதுவரை மாற்றி எழுதலாம்? எங்கே நிறுத்த வேண்டும்?

பதில்: ஓர் எண்ணின் அலகை மாற்றலாம், அதற்குச் சரியான பெயர் வைக்கலாம், எந்த எண் முன்னால் வரவேண்டும் என்பதை மாற்றச் சொல்லலாம். அந்த எண்ணின் அளவை மட்டும் நீங்கள் தொடக்கூடாது. சொல்வது எளிது. சிக்கல் என்னவென்றால், தமிழ் டெக்கில் இருக்கும் பாதி எண்களின் உண்மையான அளவு என்ன என்பது அந்த ஸ்லைடிலேயே இருக்காது. நிறுவனர் நேரில் பேசும்போது வாயால் சொல்லிவிடுவார். எதிரே இருப்பவரும் புரிந்துகொள்வார். வெளிநாட்டில் அந்த பி.டி.எஃப்.பைத் திறப்பவர் தனியாக உட்கார்ந்து படிக்கிறார். அதனால் முதல் வேலை மொழிபெயர்ப்பு அல்ல, விசாரணை.

எக்செல்லில் ஒரு தாள் திறந்து, டெக்கில் எண்ணோ பெருமைப் பேச்சோ உள்ள ஒவ்வொரு வரியையும் ஒரு வரிசையாக இறக்குங்கள். 14 ஸ்லைடில் 30, 40 வரிசை வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகள்: இது எதை எண்ணுகிறது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, ஆதாரம் எந்த ஆவணத்தில் இருக்கிறது, யார் உறுதி செய்தார். தாளை நிறுவனருக்கும் அவருடைய ஆடிட்டருக்கும் மெயிலில் அனுப்புங்கள். போனில் பதில் சொன்னால் நீங்களே எழுதி, "இப்படித்தானே?" என்று மெயில் போட்டு உறுதி வாங்குங்கள். இந்த வேலைக்குத் தனியாகக் கட்டணம் சொல்லிவிடுவதும் நல்லது. வார்த்தைக் கணக்கில் விலை பேசினால், மூன்று வார்த்தை உள்ள ஸ்லைடுக்கு மூன்று மணி நேரம் போகும்.

உங்கள் டெக்கின் முதல் எண்ணையே எடுத்துக்கொள்வோம். பதில்கள் எப்படி வரக்கூடும் என்று காட்ட, கீழே வரும் உள்விவரங்களை உதாரணத்துக்காக நானே வைத்துக்கொள்கிறேன்.

3.4 கோடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னையோ பில்லிங் சாஃப்ட்வேரையோ காட்டுவார்கள். பில்லில் கீழே வரும் மொத்தத் தொகையைக் கூட்டினால் அதற்குள் வரியும் இருக்கும். அந்த வரி அரசுக்குப் போகிறது, கம்பெனியின் வருவாய் அல்ல. கணக்குப் புத்தகத்திலும் அது வருவாயாக ஏறாது. கருவிக்கும் சந்தாவுக்கும் 18% வரி என்றால் 3.4 கோடியை 1.18-ஆல் வகுக்க வேண்டும்: 2.88 கோடி. நம் ஊரில் "டர்ன்ஓவர் மூணரை கோடி" என்று பேச்சுவாக்கில் சொல்வதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. ஆனால் முதலீட்டாளர் பிறகு ஆடிட் செய்த கணக்கைக் கேட்பார், அதில் 2.88 தான் இருக்கும். 52 லட்சம் எங்கே போனது என்ற கேள்விக்கு "அது ஜி.எஸ்.டி." என்று அப்போது சொல்வதும், முதலிலேயே 2.88 என்று போட்டிருப்பதும் ஒன்றல்ல.

அடுத்து, அந்த 2.88 கோடிக்குள் என்ன இருக்கிறது? கருவி விற்பனை 1.92 கோடி, சந்தா 96 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி ஒருமுறை விற்கும், சந்தா மாதாமாதம் வரும். முதலீட்டாளர் இந்த இரண்டையும் வேறு வேறு விலையில் பார்ப்பார். தமிழ் டெக் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே பெரிய எண்ணாகக் காட்டியிருக்கும். இங்கேதான் நீங்கள் மாற்றி எழுதுவதற்கு நியாயமான இடம் இருக்கிறது. பிரித்துக் காட்டினால் எண் சிறிதாகத் தெரிந்தாலும் கம்பெனி நன்றாகத் தெரியும். மார்ச் மாதச் சந்தா பில் மட்டும் வரி நீங்கலாக 11 லட்சம் என்றால், அதை 12-ஆல் பெருக்கி 1.32 கோடி என்று ஆண்டுத் தொடர் வருவாயாகக் காட்டலாம். ஏ.ஆர்.ஆர். என்று அவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் அதில் சந்தா மட்டுமே இருக்க வேண்டும், பணம் கட்டும் வாடிக்கையாளர் மட்டுமே இருக்க வேண்டும், எந்த மாதத்தை வைத்துப் பெருக்கினோம் என்பதும் இருக்க வேண்டும். மொத்த 2.88 கோடியையும் ஏ.ஆர்.ஆர். என்று எழுதச் சொல்லும் நிறுவனர்கள் உண்டு. வேண்டுமென்றே செய்வதில்லை, எங்கேயோ கேட்ட சொல் நன்றாக இருக்கிறது என்று போடுகிறார்கள். கருவி விற்ற பணத்தை அதற்குள் சேர்த்துவிட்டு, முதலீட்டாளரின் விசாரணையில் அது வெளிப்பட்டால், மற்ற எல்லா எண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

300% வளர்ச்சிக்கு வருவோம். முந்தைய ஆண்டு டர்ன்ஓவர் வரியோடு 1.18 கோடி, வரி நீங்கலாக 1 கோடி என்றால், 2.88 கோடி என்பது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மூன்று மடங்கு ஆனதை 300% என்று எழுதியிருக்கிறார்கள். 1 கோடி 3 கோடி ஆனால் கூடியது 2 கோடி, அதாவது 200%. இங்கே கூடியது 1.88 கோடி, ஆக வளர்ச்சி 188%. தமிழ் டெக்குகளில் மிக அதிகமாகக் கண்ணில் படும் பிழை இதுதான். நிறுவனரிடம் சொன்னால் உடனே ஒப்புக்கொள்வார், சங்கடம் இருக்காது. "2.9 மடங்கு" என்று போட்டால் படிப்பவருக்கும் எளிது, தவறாகப் புரிந்துகொள்ளவும் வழியில்லை.

அதே நேரத்தில், எந்த ஆண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024-25 நிதியாண்டை நாம் `FY25` என்று சுருக்குகிறோம். ஜனவரியில் தொடங்கும் ஆண்டுக்குப் பழகிய ஒருவர் அதை 2025 ஜனவரி முதல் டிசம்பர் என்று படிப்பார். ஜப்பானில் நிதியாண்டு நம்மைப் போலவே ஏப்ரலில்தான் தொடங்குகிறது, ஆனால் அவர்கள் தொடங்கும் ஆண்டின் பெயரை வைப்பார்கள். நம்முடைய `FY25` அவர்களுக்கு `FY2024`. அதனால் முதல் முறை வரும் இடத்தில் "2025 மார்ச் 31-இல் முடிந்த 12 மாதம்" என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கத்தைப் பயன்படுத்துங்கள். காலாண்டும் இப்படியே: நம் முதல் காலாண்டு ஏப்ரல் முதல் ஜூன். அதை வெறும் `Q1` என்று விட்டுவிடாமல் மாதப் பெயரைப் போடுங்கள். தேதியில் மாதத்தை எண்ணாக எழுதவே வேண்டாம்.

இப்போது டாலர். நாணய மாற்றுக்கு ஒரே ஒரு விகிதம், ஒரே ஒரு தேதி. அந்த விகிதமும் தேதியும் எண் வரும் ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் சிறிய எழுத்தில் வரவேண்டும். நாணய மாற்று விகிதங்களை வெளியிடும் எஃப்.பி.ஐ.எல். என்ற இந்திய அமைப்பின் ரெஃபரன்ஸ் ரேட்டை எடுத்துக்கொண்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கணக்கு எளிதாக இருக்க, இங்கே ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைக்கிறேன். 2.88 கோடி ரூபாய் 3,38,824 டாலர். ஆங்கிலத்தில் 339 ஆயிரம் டாலர் என்று முழுமைப்படுத்தலாம். ரூபாய்க் கணக்கே 2.88 என்று இரண்டு தசமத்தில் நிற்கும்போது டாலரில் கடைசி டாலர் வரை எழுதுவது பொய்யான துல்லியம்.

வளர்ச்சி விகிதத்தை எப்போதும் ரூபாயில் கணக்கிட்டு, அந்த விகிதத்தை அப்படியே எடுத்துப் போடுங்கள். முந்தைய ஆண்டின் 1 கோடி, 118 ஆயிரம் டாலர் என்று முழுமையாகும். 339-ஐ 118-ஆல் வகுத்தால் வளர்ச்சி 187% என்று வரும். ரூபாயில் 188%. ஒரு சதவீத வேறுபாடுதான், ஆனால் ஒரு ஸ்லைடில் 188-ம் இன்னொன்றில் 187-ம் இருந்தால் அலட்சியம் என்றுதான் தோன்றும். ஒவ்வோர் ஆண்டையும் அந்தந்த ஆண்டின் சராசரி விகிதத்தில் மாற்றினால் வேறுபாடு இன்னும் பெரிதாகும். ரூபாய் மதிப்பு ஏறியதும் இறங்கியதும் கம்பெனியின் வளர்ச்சிக்குள் கலந்துவிடும்.

ரூபாயை முழுவதுமாக நீக்கிவிடாதீர்கள். டாலரைப் பெரிதாகவும் அதன் கீழே ரூபாயைச் சிறிதாகவும் வையுங்கள். ரூபாய் எண்ணைத்தான் ஆடிட் கணக்கோடு ஒப்பிட முடியும். ரூபாயை எழுதும்போது லட்சம், கோடி வேண்டாம், மில்லியன்தான். கோடியைப் பத்தால் பெருக்கினால் மில்லியன், லட்சத்தைப் பத்தால் வகுத்தால் மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன், ஒரு லட்சம் கோடி ஒரு டிரில்லியன். காற்புள்ளியும் மாறும்: 2,88,00,000 என்பது 28,800,000 ஆகும். இதைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களும் களைத்த நேரத்தில் ஒரு பூஜ்ஜியத்தை விடுவார்கள். அதனால் கையால் மாற்றாமல், அதே எக்செல் தாளில் ஒரு நிரலில் முழு ரூபாயாக எழுதி, அடுத்த நிரலில் சூத்திரத்தால் மாற்றுங்கள்.

வருவாய் ஸ்லைடு முடிந்து வரும்போது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Revenue: US$339K (INR 28.8M), 2.9x year on year
  Devices (one-time): US$226K
  Subscriptions: US$113K
ARR, March 2025: US$155K

12 months to 31 March 2025, net of GST.
US$1 = INR 85. Growth calculated in INR.
```

கீழே உள்ள அந்த இரண்டு வரிகள்தான் நிறுவனர் முதலில் நீக்கச் சொல்வது. ஸ்லைடு அழகாக இல்லை என்பார். எழுத்தைச் சிறிதாக்கலாம், நிறத்தை மங்கலாக்கலாம். எடுக்க விடாதீர்கள்.

அடுத்து 120 ஆலைகள். தமிழ் டெக்கில் "120 ஆலைகள் எங்களுடன் இணைந்துள்ளன" என்ற பாணியில் இருக்கும். இணைந்தது என்றால் என்ன? பணம் கட்டுகிறதா, இலவசமாகச் சோதித்துப் பார்க்கிறதா, படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டதா? கேட்டால் 74 ஆலை சந்தா கட்டுகிறது, 21 ஆலை இலவச சோதனையில் இருக்கிறது, 25 ஆலைக்குக் கருவி இன்னும் போகவே இல்லை என்று பிரியும். 120-ஐ வாடிக்கையாளர் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது பொய். 74 வாடிக்கையாளர், 21 சோதனை, 25 நிறுவலுக்குக் காத்திருப்பது என்று மூன்றாகப் போட்டால் உண்மை. அதோடு விற்பனை வரிசை எப்படி நகர்கிறது என்பதையும் அது காட்டுகிறது. புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்ட ஆலைகள் இருந்தால் அவற்றை ஒப்பந்தம் என்ற பெயரில் சேர்க்காதீர்கள். பெரும்பாலான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. ஆவணத்தை வாங்கிப் படித்து, அதில் தொகையும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூலத்தில் உள்ள வினைமுற்றுகளையும் இதே கண்ணோடு பாருங்கள். "விரிவாக்கம் செய்து வருகிறோம்" என்று இருந்தால், ஆள் போய் வேலை நடக்கிறதா, பேச்சு நடக்கிறதா என்று கேளுங்கள். "ஏற்றுமதி செய்யவுள்ளோம்" என்பது ஆர்டர் கையில் இருப்பதையும் சொல்லும், ஆசையையும் சொல்லும். "உருவாக்கப்பட்டுள்ளது" என்றால் யார் உருவாக்கியது? கம்பெனியின் சொந்தப் பொறியாளர்களா, வெளியில் கொடுத்துச் செய்ததா? வெளியில் செய்தது என்றால் அந்த சாஃப்ட்வேரின் உரிமை யாரிடம் என்பது முதலீட்டாளருக்குப் பெரிய விஷயம். தமிழ் வாக்கியத்தில் செய்தவர் யார் என்று சொல்லாமலே போய்விடலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த இடத்தில் யாரையாவது உட்காரவைக்க வேண்டியிருக்கும். நீங்களாக ஒருவரை உட்காரவைத்துவிடாதீர்கள்.

30% மின்சேமிப்பைப் பொறுத்தவரை, "வரை" என்ற ஒற்றைச் சொல்லின் பின்னால் எத்தனை ஆலை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அளந்தது 12 ஆலையில், அதில் ஒன்றில் மட்டும் 30%, குறைந்தது 9%, நடுமதிப்பு 14% என்று இருக்கலாம். அப்படியானால் 14% தான் முன்னால் வரவேண்டிய எண். எத்தனை ஆலை, எத்தனை மாதம், வீச்சு எவ்வளவு என்பதெல்லாம் அதன் அடியில் வரலாம். இன்னொரு பொறியும் இருக்கிறது. மின்கட்டண பில்லை வைத்துச் சேமிப்பைக் கணக்கிட்டிருந்தால், ஆர்டர் குறைந்து தறிகள் நின்ற மாதத்திலும் சேமிப்பு என்று வரும். ஒரு மீட்டர் துணிக்கு எத்தனை யூனிட் செலவானது என்று கருவி பொருத்தும் முன்பும் பின்பும் அளந்திருந்தால்தான் அது கருவியின் வேலை. எப்படி அளந்தார்கள் என்று நிறுவனர் சொல்ல முடியவில்லை என்றால் அந்த எண்ணை எடுத்துவிடச் சொல்லுங்கள். பெயர் சொல்லச் சம்மதிக்கும் ஒரு ஆலையின் முன்-பின் கணக்கு அதைவிட எடை கூடியது.

```
Median saving: 14% (kWh per metre of fabric)
12 mills, 3 months before vs 3 months after
Range: 9% to 30%
```

சந்தை ஸ்லைடில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். 2,000 கோடி ரூபாய் என்பது 20 பில்லியன் ரூபாய். 85-ஆல் வகுத்தால் 235 மில்லியன் டாலர். இதை 2 பில்லியன் டாலர் என்று எழுதிவிட்டால் எட்டு மடங்குக்கு மேல் ஊதிவிட்டது என்று பொருள். ஆனால் மாற்றுக் கணக்கு சரியாக இருந்தாலும், அந்த 2,000 கோடி எதைக் குறிக்கிறது என்று தெரிய வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு வரும் தொகையா, எல்லா ஆலையும் ஒருமுறை கருவி வாங்கினால் வரும் தொகையா? நாடு முழுக்கவா, தமிழ்நாடு மட்டுமா?

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முதலீட்டாளரும் இதைச் செய்வார். மார்ச்சில் 74 ஆலை சேர்ந்து 11 லட்சம் கட்டின என்றால் ஓர் ஆலை மாதம் ஏறத்தாழ 14,900 ரூபாய், ஆண்டுக்கு ஏறத்தாழ 1.79 லட்சம். 2,000 கோடியை இதனால் வகுத்தால் கிட்டத்தட்ட 1,12,000 ஆலைகள் வேண்டும். அதுவும் இப்போதைய வாடிக்கையாளர் அளவுள்ள ஆலைகள். அத்தனை இருக்கின்றன என்பதற்கு நிறுவனரிடம் பட்டியல் இருக்கிறதா? பத்துத் தறி வைத்திருக்கும் கூடங்களையும் சேர்த்து எண்ணியிருந்தால், அவர்கள் மாதம் 14,900 கட்ட மாட்டார்கள். அப்போது சந்தை எண்ணைக் கீழிருந்து கட்டச் சொல்லுங்கள்: இந்த அளவுள்ள ஆலை இத்தனை, ஆண்டுச் சந்தா இவ்வளவு, பெருக்கினால் இவ்வளவு. தொகை 2,000 கோடியிலிருந்து 300 கோடிக்கு இறங்கினாலும் பரவாயில்லை, ஏனென்றால் அதை எதிரில் இருப்பவர் தானே பெருக்கிப் பார்த்து ஏற்றுக்கொள்ள முடியும். இந்த வேலை நிறுவனருடையது, உங்களுடையது அல்ல. சுட்டிக்காட்டுவதோடு நிற்கலாம்.

"அரசு அங்கீகாரம்" என்ற வரி நம் வாசகருக்குச் சாதாரணம். அதை நேரடியாக ஆங்கிலத்தில் போட்டால், அரசு இந்தக் கருவியைச் சோதித்து ஒப்புதல் கொடுத்திருக்கிறது என்று படிப்பார்கள். பின்னால் இருப்பது என்ன சான்றிதழ் என்று கேளுங்கள். உத்யம் பதிவு என்றால் அது கம்பெனி தானே கொடுத்த விவரத்தின் பேரில் கிடைக்கும் சிறு, குறு, நடுத்தர நிறுவனப் பதிவு. மத்திய அரசின் தொழில் துறையான டி.பி.ஐ.ஐ.டி. கொடுத்த ஸ்டார்ட்அப் அங்கீகாரம் என்றால் அது கம்பெனியின் வகையைச் சொல்கிறது, தரத்தை அல்ல. இரண்டையும் அவற்றின் சொந்தப் பெயரில், பின்னிணைப்பில், ஒரு வரியில் எழுதினால் போதும். காப்புரிமையும் இதே மாதிரிதான்: விண்ணப்பித்தது வேறு, வழங்கப்பட்டது வேறு. முதலில் போடும் தற்காலிக விண்ணப்பத்துக்குப் பிறகு 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யாவிட்டால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். எனவே விண்ணப்ப எண்ணையும் தேதியையும் வாங்கிப் பாருங்கள். லோகோவின் பக்கத்தில் ® குறி இருந்தால் வர்த்தகமுத்திரை பதிவாகிவிட்டதா என்று கேளுங்கள். பதிவாகாத பெயருக்கு அந்தக் குறியைப் போடுவது இந்திய வர்த்தகமுத்திரைச் சட்டம் 1999-இன்படி குற்றம். விண்ணப்ப நிலையில் ™ மட்டும் போதும்.

டெக்கின் கடைசியில் எவ்வளவு பணம் கேட்கிறார்கள் என்ற ஸ்லைடு இருக்கும். "5 கோடி முதலீடு, கம்பெனி மதிப்பு 50 கோடி" என்று எழுதியிருந்தால், அந்த 50 கோடி புதுப் பணம் வருவதற்கு முன்னா, வந்த பின்னா என்று கேட்காமல் மொழிபெயர்க்க முடியாது. வந்த பின் என்றால் முதலீட்டாளருக்கு 10% பங்கு. முன் என்றால் 55 கோடியில் 5 கோடி, அதாவது 9.1%. தமிழில் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல், ஆங்கிலத்தில் பேரத்தின் விலையையே மாற்றும்.

எதிர்காலக் கணிப்பும் அங்கேதான் வரும். "2028-இல் 50 கோடி வருவாய் ஈட்டுவோம்" என்பதை உறுதிமொழி போல எழுதாமல் கணிப்பு என்று தலைப்பிட்டு, அது எந்த அனுமானத்தில் நிற்கிறது என்று இரண்டு வரி கேட்டு வாங்குங்கள்: எத்தனை ஆலை, ஆலைக்கு எவ்வளவு, எத்தனை பேர் விலகுவார்கள். பட்டியலிடப்பட்ட பெரிய கம்பெனிகளின் அறிக்கையிலிருந்து "எதிர்நோக்குக் கூற்றுகள்" பற்றிய நீண்ட பத்தியை வெட்டி ஒட்டுவது பலருக்குப் பழக்கம். அந்தப் பத்திக்குப் பின்னால் இருக்கும் 1995-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் பாதுகாப்பு, அங்குள்ள பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்.இ.சி.க்கு முறைப்படி அறிக்கை தாக்கல் செய்யும் கம்பெனிகளுக்குத்தான். உங்கள் வாடிக்கையாளர் போன்ற தனியார் கம்பெனிக்கு அது கிடைக்காது. ஆனால் பங்கு விற்பனையில் தவறான தகவல் தருவதையும், முக்கியமானதை மறைத்துத் தவறான எண்ணம் உண்டாக்குவதையும் தடுக்கும் அமெரிக்க விதியான 10b-5 தனியார் கம்பெனிக்கும் பொருந்தும். நம் கம்பெனிகள் சட்டம் 2013-இன் 36-ஆவது பிரிவு, முதலீடு செய்யத் தூண்டும்படி தெரிந்தோ பொறுப்பில்லாமலோ சொல்லும் பொய்க் கூற்றோடு பொய்க் கணிப்பையும் சேர்த்தே சொல்கிறது. மறுப்புரையை நீங்கள் எழுதாதீர்கள். அது வழக்கறிஞர் எழுதிக் கொடுக்க வேண்டியது.

தொழில்நுட்பத்தில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மூல டெக் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், யுனிகோடுக்கு மாற்றும்போது சதவீதக் குறி "மூ" ஆகிவிடும், ஏனென்றால் அந்த எழுத்துருவில் அந்த விசை அந்த எழுத்துக்கு உரியது. "30மூ" என்று ஏதாவது தென்பட்டால் காரணம் இதுதான். மாற்றிய பிரதியை நம்பி எண்களை எடுக்காமல், மூலத்தின் பி.டி.எஃப்.பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வரைபடங்கள். அச்சில் உள்ள டாலர் எண்களை ஆயிரத்தில் காட்ட எக்செல்லின் எண் வடிவத்தில் இதைப் போட்டால் போதும்:

```
0,"K"
```

ஆனால் செல்லில் முழு எண் இருக்க வேண்டும். தமிழ் டெக்கில் பலர் லட்சக் கணக்கில் 96, 192 என்று மட்டும் உள்ளிட்டிருப்பார்கள்; அப்படியே இந்த வடிவத்தைப் போட்டால் எல்லாம் 0K ஆகிவிடும். முதலில் 1,00,000-ஆல் பெருக்கி, டாலராக மாற்றி, பிறகு வடிவத்தைப் போடுங்கள். படமாக ஒட்டியிருக்கும் வரைபடத்தின் மேல் ஆங்கில எழுத்தை ஒட்டி மறைக்காமல், மூல எக்செல்லைக் கேட்டு வாங்கி மறுபடி வரையுங்கள்.

எல்லாம் முடிந்த பின், தமிழ் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் ஆங்கில டெக்கை மட்டும் கொடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் ரூபாயில், கோடியில் திரும்ப எழுதித் தரச் சொல்லுங்கள். அதை உங்கள் தாளோடு ஒப்பிட்டால், விட்ட பூஜ்ஜியமும் இடம் மாறிய புள்ளியும் அங்கே மாட்டும். அவர் எந்த வரியில் "இது எந்த ஆண்டு?" என்று கேட்கிறாரோ, அந்த வரி இன்னும் முடியவில்லை.

நிறுவனர் ஒப்புக்கொள்ளாமல், "300% என்றே இருக்கட்டும், 120 வாடிக்கையாளர் என்றே போடுங்கள்" என்றால் இரண்டு வழி இருக்கிறது. எண் உறுதியாகத் தெரியாத நிலையில், மூலத்தில் உள்ளபடியே மொழிபெயர்த்து, அந்த வரி உறுதி செய்யப்படவில்லை என்று மெயிலில் பதிவு செய்துவிடலாம். தவறு என்று ஆவணத்தைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்துவிட்டால், அந்த வரியை எழுத மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். தெரிந்தபின் எழுதினால் "நான் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்" என்று சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

ஒப்படைக்கும்போது முதலீட்டாளருக்குப் போகும் பிரதி பி.டி.எஃப். ஆக மட்டும் இருக்கட்டும். பவர்பாயிண்டில் எக்செல் வரைபடத்தை அதன் கோப்போடு சேர்த்து ஒட்டியிருந்தால், வரைபடத்தைத் திறப்பவருக்கு அந்த எக்செல் முழுவதும் திறக்கும். வேறு தாளில் இருக்கும் வாடிக்கையாளர் பெயரும் சம்பளப் பட்டியலும்கூட. ஸ்பீக்கர் நோட்ஸில் நிறுவனர் தனக்காக எழுதிவைத்த தமிழ்க் குறிப்புகளையும், மறைத்துவைத்த ஸ்லைடுகளையும் பி.டி.எஃப். எடுக்கும் முன் நீக்குங்கள். எண் தாளின் இறுதிப் பிரதியை நிறுவனரிடம் தனியாகக் கொடுத்துவிடுங்கள், முதலீட்டாளரின் ஆட்கள் கணக்குக் கேட்டு வரும் அன்று அவர் கையில் இருக்க வேண்டியது அதுதான்.